அப்பீலுக்குத் தகுதியானது

அரசாங்கம் ஒரு வழக்கில் தோற்றால், தீர்ப்பின் நகலோடு அரசு வழக்கறிஞர் ஒரு கருத்துரை எழுதி அனுப்ப வேண்டும். மேல்முறையீடு செய்யலாமா, வேண்டாமா என்பதுதான் அதில் கேள்வி. தாலுகா ஆபீஸில் அதை 'ஒப்பீனியன்' என்பார்கள். ஒரு பக்கம் இருந்தால் போதும். மேலே எழுதுவதை யாரும் படிப்பதில்லை, கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். 'மேல்முறையீட்டுக்குத் தகுதியான வழக்கு' என்று நான் எத்தனை கடைசி வரிகள் எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. அவற்றில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

திருவாரூர்ப் பக்கத்துத் தாலுகா நீதிமன்றம் ஒன்றில் கூடுதல் அரசு வழக்கறிஞராக இருந்தேன். கோர்ட்டில் 'ஜி.பி.' என்பார்கள். ஆளும் கட்சிக் குடும்பம் என்பதால் கிடைத்த பதவி. ஆட்சி மாறினால் நாங்களும் மாறுவோம். நாங்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைப்போம், வேறு ஒருவர் மாட்டிக்கொண்டு வருவார், அவ்வளவுதான். அப்பா எழுபதுகளில் கட்சிக்கொடி பிடித்துக் கிராமம் கிராமமாகப் போனவர். 'குடியிருக்கிற மனைக்கட்டு குடியிருக்கிறவனுக்கே சொந்தம்' என்று சட்டம் வந்தபோது, அதைத் தன் வீட்டுக் கல்யாணம் போலக் கொண்டாடியவர்.

அந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பண்ணையில் வேலை செய்கிறவர்கள் மிராசுதாரின் நிலத்திலேயே குடிசை போட்டிருந்தார்கள். கூலி அதிகம் கேட்டாலோ, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தாலோ, மிராசுதார் சொல்லும் முதல் வார்த்தை 'மனையைக் காலி பண்ணு' என்பதுதான். வேலை போவது வேறு, தலைக்கு மேல் கூரை போவது வேறு. அடிதடி, வெட்டு, வழக்கு என்று தஞ்சை ஜில்லா கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மனைக்கட்டைக் குடியிருப்பவருக்கே கொடுக்கும் சட்டம் வந்தது. அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்து விசாரித்துச் சான்று கொடுப்பார். அப்படிச் சான்று வாங்கியவர்களில் ஒரு பெண்தான் இந்தக் கதையில் வருகிறவர். நாற்று நடும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகும் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். வழக்கு என் மேஜைக்கு வந்தபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கணவர் இறந்துபோயிருந்தார். ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

சான்று வாங்கிப் பல வருஷம் கழித்து நிலப் பதிவேடுகளை எல்லாம் புதிதாக எழுதினார்கள். பழைய சர்வே எண்கள் போய்ப் புதிய எண்கள் வந்தன. அப்போது யாரோ ஒரு சர்வேயர், இவருடைய நாலு சென்ட் மனையை வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதிவிட்டார். மனைக்குக் கிழக்கே வாய்க்கால் ஓடுவது உண்மை. கோடு கொஞ்சம் மேற்கே நகர்ந்துவிட்டது. காகிதத்தில் ஒரு நூலளவு. அந்த நூலளவுக்குள் ஒரு வீடு இருந்தது. அவருக்கு அது தெரியாது. தாசில்தாரிடமிருந்து ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது.

அந்த அம்மாள் கூத்தாநல்லூரிலிருந்து வரும் ஒரு வழக்கறிஞரிடம் போனார். நீதிமன்றத்தில் எல்லோரும் அவரை 'வக்கீல் பாய்' என்போம். எனக்கு இரண்டு வருஷம் சீனியர். வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லாம் வளைகுடாவில் கடை வைத்திருக்க, இவர் மட்டும் இலவச சட்ட உதவி வழக்குகளை எடுத்துக்கொண்டு பழைய ஸ்கூட்டரில் அலைந்துகொண்டிருந்தார்.

அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் அரசாங்கம் விஷயத்தைப் பார்த்து, தப்பு நம் பக்கம் என்றால் திருத்திக்கொண்டுவிடலாம், கோர்ட் வரை போக வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வக்கீல் பாய் நோட்டீஸ் அனுப்பினார். மனைச் சான்றின் நகலையும் இணைத்திருந்தார். பதில் போகவில்லை. பிறகு நான் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, அந்த நோட்டீஸின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் 'கோப்பில் சேர்க்கவும்' என்று எழுதியிருந்தது. சேர்த்திருந்தார்கள்.

வழக்கு வந்தது. எதிர்வழக்குரை எழுதினேன். எழுதினேன் என்பதுகூடப் பொய். என்னிடம் ஒரு மாதிரி இருந்தது. வாதி சொல்வது எல்லாம் பொய், அவர் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும், நோட்டீஸ் செல்லாது, காலம் கடந்துவிட்டது, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. எல்லா வழக்குக்கும் அதே ஐந்து வரிகள். டைப்பிஸ்ட் பெண் சர்வே எண்ணை மட்டும் மாற்றினாள்.

சாட்சிக் கூண்டில் அந்த அம்மாள் ஏறிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரம். காலையிலேயே வயலில் இறங்கிவிட்டுக் கால் கழுவிக்கொண்டு வந்திருந்தார். கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன்.

"இந்த இடத்தை உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

"நீங்கதாங்க குடுத்தீங்க."

"நானா?"

"ஆமாங்க. கவர்மெண்டு வக்கீல்தானே நீங்க? கவர்மெண்டுதான் குடுத்துச்சு. ஆபீசரு வந்து எங்க தெருவிலயே உக்காந்து எழுதிக் குடுத்தாரு. இப்ப நீங்களே வந்து யாரு குடுத்தான்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. முன்சீப்பும் தலையைக் குனிந்துகொண்டார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

எங்கள் பக்கச் சாட்சியாக வந்தவர் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர். நேர்மையான மனிதர். வக்கீல் பாய் அவரிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுது?"

"வீட்டுக்குக் கிழக்கே."

"வீட்டுக்கு அடியில ஏதும் ஓடுதா?"

"இல்லீங்க."

தீர்ப்பு அந்த அம்மாளுக்குச் சாதகமாக வந்தது. மனை அவருக்குச் சொந்தம், அரசு தலையிடக் கூடாது என்று முன்சீப் எழுதினார். அன்று சாயங்காலம் கோர்ட் வாசல் டீக்கடையில் வக்கீல் பாயும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"என்னங்க ஜி.பி., இதோட முடிச்சுக்குவீங்களா, இல்ல மேலயும் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றார்.

"நான் யாரு பாய் முடிக்கிறதுக்கு? தாசில்தார் சொல்லணும், கலெக்டர் சொல்லணும்."

"அவங்க உங்களைக் கேட்டுத்தானே சொல்வாங்க." டீயை ஊதினார். "மத்தவங்க வழக்குல தோத்தா வயிறு எரியும். நம்ம சொத்துப் போச்சேன்னு அப்பீல் போவாங்க. அதுல ஒரு நியாயம் இருக்கு. அரசாங்கத்துக்கு ஏதுங்க வயிறு? ஜெயிக்கணும்கிறது அதோட வேலையே இல்ல. எது சரின்னு கோர்ட்டுக்குச் சொல்லணும். தப்பு நம்ம பக்கம்னா ஒத்துக்கிட்டுப் போயிடணும். முன்மாதிரி வழக்காடின்னு ஜட்ஜுங்க தீர்ப்புக்குத் தீர்ப்பு எழுதுறாங்க. நாம ரெண்டு பேரும் அதைக் காலேஜ்ல படிச்சோம். அதுக்கப்புறம் நீங்க எங்கயாவது பாத்தீங்களா?"

நான் டீக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கருத்துரை எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது. பழைய சர்வே எண்ணுக்கு எதிரே புதிய எண் எழுதியிருக்கும் ஒப்பீட்டுப் பதிவேடு ஒன்று தாலுகா ஆபீஸில் இருக்கும். வழக்கு நடந்தபோது வக்கீல் பாய் அதைக் கேட்டு மனுப் போட்டிருந்தார். கிடைக்கவில்லை என்று பதில் தந்திருந்தோம். இப்போது நான் நேரில் போய்க் கேட்டேன். ஆவண அறை எழுத்தர் ஏணியில் ஏறி, தூசியைத் தட்டி, பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். கிடைக்கவில்லை என்றால் யாரும் தேடவில்லை என்று அர்த்தம். பக்கத்தைத் திருப்பினேன். சான்றில் இருந்த பழைய எண்ணுக்கு எதிரே, வழக்கில் இருந்த புதிய எண். மனை, நாலு சென்ட். அதன் மேல் வேறொரு கையெழுத்தில் புறம்போக்கு என்று திருத்தியிருந்தது. திருத்தத்துக்குக் கீழே யாருடைய கையொப்பமும் இல்லை. எந்த உத்தரவு எண்ணும் இல்லை.

அரசாங்கத்தின் பதிவேடே அவர் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'தீர்ப்பு சரியானது. அரசின் ஆவணமே வாதியின் உரிமையைக் காட்டுகிறது. மேல்முறையீட்டுக்கு முகாந்திரம் இல்லை.' நல்லபடியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் தாசில்தார் என் ஆபீஸுக்கே வந்துவிட்டார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த மனிதர். கெட்டவர் இல்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். என் கருத்துரையைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சார், இது வேண்டாமே."

"ஏங்க? பதிவேட்டை நீங்களும் பாருங்க. அந்த அம்மா மனைதான் அது."

"பாத்துட்டேன் சார். நீங்க சொல்றது சரிதான். ஆனா அப்பீல் போகலைன்னா நாளைக்கு ஒருத்தன் பெட்டிஷன் போடுவான். அரசு நிலத்தை விட்டுக் குடுத்துட்டான்னு. தணிக்கையில வந்து ஏன் போகலைன்னு கேப்பாங்க. அப்பீல் போயித் தோத்தா யாரும் கேக்க மாட்டாங்க சார். கோர்ட்டு சொல்லிடுச்சுன்னு முடிஞ்சுரும். போகாம இருந்தாத்தான் கேள்வி. பென்ஷன் நேரத்துல எனக்கு எதுக்கு சார் இந்த வம்பு?"

"அப்ப அந்த அம்மா?"

"அந்த அம்மாதான் ஜெயிக்கப் போவுது. கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதானே. வீட்டை விட்டுத் துரத்தவா போறோம்? இருந்துட்டுப் போகட்டும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் சொல்றேன் சார். அரசு வக்கீல் பேனல்ல உங்க பேரை அடுத்த மாசம் புதுப்பிக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல உங்களைப் பத்தி எழுதிக் கேப்பாங்க. அரசுக்கு எதிரா ஒப்பீனியன் எழுதறவர்னு பேர் வாங்கணுமா?"

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே என் மேல் அக்கறையோடு சொன்னார். அதுதான் என்னை வீழ்த்தியது. மிரட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேனோ என்னவோ. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவர் எதிரிலேயே வேறு ஒன்று எழுதினேன். 'சர்வே எண் தொடர்பாகக் கீழ் நீதிமன்றம் சரியாக ஆராயவில்லை. மேல்முறையீட்டுக்குத் தகுதியான வழக்கு.' பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாசில்தார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கோப்பு கலெக்டர் ஆபீஸ் போய் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முப்பது நாளில் போட வேண்டிய மேல்முறையீடு. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு 'நிர்வாகக் காரணங்கள்' என்று மனுப் போட்டேன். அந்த மனுவுக்கே எட்டு வாய்தா.

இதற்கிடையில் அந்த அம்மாள் பட்டா கேட்டு மனுக் கொடுத்திருந்தார். பட்டா இருந்தால்தான் தொகுப்பு வீடு கிடைக்கும். அந்த வருஷம் அவர் தெருவில் எல்லோருக்கும் காங்கிரீட் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 'மேல்முறையீடு நிலுவையில் உள்ளதால் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது' என்று அவருக்குப் பதில் போனது. தடை உத்தரவு எதையும் நாங்கள் வாங்கவில்லை. வாங்கத் தேவையே இல்லாமல் போனது. நிலுவை என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. துரத்தவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாசில்தார் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெருவில் இருபது வீடு காங்கிரீட் ஆனது. நடுவில் ஒரு வீடு மட்டும் கூரையாக நின்றது.

ஒரு நாள் அவர் நேரே என் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"அய்யா, நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா விட்டுருவாங்களாமே. தாலுகா ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு."

எதிர்த்தரப்பு ஆளோடு அவருடைய வக்கீல் இல்லாமல் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. நல்ல விதிதான். அன்றைக்கு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"உங்க வக்கீல் இல்லாம நான் பேசக் கூடாதும்மா. அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவருக்குத் தெரியாமதாங்க வந்தேன். மழை வர்றதுக்குள்ள தளம் போட்டுரலாம்னு பாத்தேன்." செருப்பை மாட்டிக்கொண்டார். "சரிங்க அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடியானது. வக்கீல் பாய் அரை மணி நேரம்கூடப் பேசவில்லை. வாய்க்கால் வீட்டுக்குக் கிழக்கே ஓடுகிறது என்று அரசுச் சாட்சியே சொன்ன வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து சர்வே எண் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். என் நாக்கு எனக்கே கசந்தது. பதிவேடு என் பையில் இல்லை, தாலுகா ஆபீஸ் அலமாரியில் இருந்தது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுபடியும் கருத்துரை. இரண்டு நீதிமன்றங்கள் உண்மை என்ன என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டால், அதற்கு மேல் உயர்நீதிமன்றத்துக்குப் போக முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தே ஆக வேண்டும். இந்த வழக்கில் அப்படி ஒரு கேள்வியும் கிடையாது. வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் என்ன சட்டம்? இந்த முறை தைரியமாக 'வேண்டாம்' என்று எழுதியிருக்கலாம். ஒரு முறை தோற்றுவிட்டோம் என்ற சாக்குக்கூட இருந்தது. நான் எழுதியது: 'அரசு விரும்பினால் இரண்டாம் மேல்முறையீடு குறித்துப் பரிசீலிக்கலாம்.' அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. பொறுப்பை மேலே தள்ளிவிடுவதற்கு என்றே நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வரி அது. மேலே இருந்தவர்களும் அதே காரணத்துக்காக இன்னும் மேலே தள்ளினார்கள். சென்னையில் இரண்டாம் மேல்முறையீடு தாக்கலானது. நாங்கள் யாரும் அந்த மனையை வேண்டும் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருமில்லை.

பிறகு ஆட்சி மாறியது. என் பதவி போனது. ஐந்து வருஷம் சொத்து வழக்கு, பாகப்பிரிவினை, விபத்து நஷ்டஈடு என்று சொந்தத் தொழிலில் ஓடினேன். அந்த வழக்கு சென்னையில் கட்டுக்குள் கட்டாகக் கிடந்தது. ஒரு கார்த்திகை மழையில் அந்த அம்மாளின் மண் சுவர் விழுந்துவிட்டது என்று வக்கீல் பாய் சொன்னார். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மன்னார்குடிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். மகள் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"நான் சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் வக்கீல் பாய். "அந்தம்மா உங்களைத் திட்டவே இல்ல. கவர்மெண்டு வக்கீலுக்கு என்ன வேலையோ அதைத்தானே செய்வாருன்னு சொல்லிச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுபடியும் எங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தது. மறுபடியும் எனக்குக் கோட்டு. இரண்டாம் வருஷம் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு கடிதத்தோடு கோப்பு வந்தது. எதிர்மனுதாரர் இறந்துவிட்டார் என்று அவர் தரப்பு வழக்கறிஞர் உயர்நீதிமன்றத்தில் தெரிவித்திருக்கிறார். இறந்து தொண்ணூறு நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்காததால் மேல்முறையீடு தானாகவே அற்றுப்போய்விட்டது. அதை மீண்டும் உயிர்ப்பிக்க மனுப் போட வேண்டும். வாரிசு விவரம் தேவை. அரசு வழக்கறிஞரின் கருத்தும் தேவை.

மேற்கண்ட எதிர்மனுதாரர் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்த அம்மாள் இறந்துபோன செய்தியே எனக்கு அந்தக் கடிதத்தில்தான் கிடைத்தது.

புதிய தாசில்தார் முப்பத்தைந்து வயதுப் பெண். கோப்போடு அவரே வந்திருந்தார். வாரிசு மகள் திருப்பூரில் இருக்கிறாள், விலாசம் வாங்கிவிடலாம் என்றார்.

"வேண்டாங்க," என்றேன். "இதைச் செத்தது செத்ததாவே விட்டுருவோம்."

அன்றைக்கு நான் முழுதாக எழுதினேன். ஒப்பீட்டுப் பதிவேட்டில் இருப்பதை எழுதினேன். கையொப்பம் இல்லாத திருத்தத்தைப் பற்றி எழுதினேன். இரண்டு நீதிமன்றங்களிலும் அரசு இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று எழுதினேன். முதல் கருத்துரையை மாற்றி எழுதியது தவறு என்றும் எழுதினேன். மேல்முறையீட்டைத் தொடர வேண்டாம், பதிவேட்டைத் திருத்தி வாரிசுக்குப் பட்டா கொடுக்கலாம் என்று முடித்தேன். பதவி போகும் என்றுதான் நினைத்தேன்.

தாசில்தார் நின்றுகொண்டே படித்தார்.

"சரிங்க சார். நானும் பதிவேட்டைப் பாத்துட்டு இதையே சிபாரிசு பண்ணி அனுப்பிடறேன்."

"உங்களை ஏதும் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா பதிவேட்டைக் காட்டறேன். என்ன சார் இருக்கு இதுல?"

மூன்று வாரத்தில் கலெக்டர் கையெழுத்துப் போட்டார். உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு அற்றுப்போனதாகப் பதிவு செய்துகொண்டார்கள். யாரும் பெட்டிஷன் போடவில்லை. தணிக்கையில் யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. என் பேனல் அந்த வருஷமும் வழக்கம்போலப் புதுப்பிக்கப்பட்டது. முதல் தீர்ப்பு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. எதற்குப் பயந்து நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேனோ அது எங்கேயும் இல்லை. இருந்ததா என்று நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. தண்டனை கிடைத்திருந்தால்கூட என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்று ஆறுதல் பட்டிருக்கலாம்.

பட்டா வாங்க அந்த மகள் திருப்பூரிலிருந்து வந்தாள். கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். வக்கீல் பாய் அவளிடம், "சாரும் உதவி பண்ணினாரு" என்று என்னைக் காட்டினார். அவர் மனசு அப்படி. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"உதவி இல்லம்மா. அப்பீல் போகலாம்னு முதல்ல எழுதினதே நான்தான். போக வேண்டியதில்லைன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். அன்னிக்கு நான் ஒழுங்கா எழுதியிருந்தா உங்கம்மா தள வீட்டுல இருந்திருப்பாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பட்டாவைப் பார்த்தாள்.

"இனிமே இதுக்கு மேல யாரும் அப்பீல் போக மாட்டாங்கல்ல சார்?"

"மாட்டாங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

சட்டப்படி அப்படி ஒரு காகிதத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வக்கீல் பாய் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஸ்கூட்டர் இருக்கையின் மேல் வைத்து எழுதினேன். மனையின் பழைய எண், புதிய எண், அவள் அம்மாவின் பெயர், அவள் பெயர். இந்த மனைக்கட்டு தொடர்பாக அரசுக்கு எந்த வழக்கும் இல்லை, இனி மேல்முறையீடு எதுவும் கிடையாது. கீழே கையெழுத்துப் போட்டேன். தேதி போடுங்க என்றாள், போட்டேன். சீல் இல்லையா என்று கேட்டாள். ஆபீஸுக்குப் போய் சீலை எடுத்துக்கொண்டு வந்து குத்திக் கொடுத்தேன்.

அவள் அதை இரண்டு தடவை வார்த்தை வார்த்தையாகப் படித்தாள். பட்டாவோடு சேர்த்து மடித்துப் பாலித்தீன் பைக்குள் வைத்தாள். கணவர் குழந்தையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். அவரை எட்டிப் பிடிக்க வேகமாகப் போனாள். மனையில் வீடு கட்டப் போகிறாளா, விற்கப் போகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.